0.015-க்குக் கீழே, 75-க்கு மேலே

தைராய்டு சோதனை ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். என்ற வரிக்கு எதிரே சிலருக்கு வெறும் எண் இருக்காது. <0.015 என்றோ >75 என்றோ ஒரு குறியோடு அச்சாகியிருக்கும். பார்ப்பவர்கள், மெஷினால் அதற்குக் கீழேயும் மேலேயும் அளக்க முடியவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொள்வார்கள். அது முழு உண்மையல்ல. அந்த மெஷின் 0.004 என்றும் எண் தரும், 96 என்றும் தரும். அந்த எண்களை நோயாளியின் கையில் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தது லேப். அந்த முடிவை எப்படி எடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

டி.எஸ்.எச். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. தைராய்டு குறைவாக வேலை செய்தால் இது ஏறும், அதிகமாக வேலை செய்தால் இறங்கும். நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருக்கும். ரிப்போர்ட்டில் மில்லிலிட்டருக்கு மைக்ரோ யூனிட் என்ற அலகு இதன் பக்கத்தில் இருக்கும். இந்தக் கட்டுரையில் அலகை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொல்கிறேன். கடுமையான தைராய்டு குறைபாட்டில் இந்த எண் 100-ஐத் தாண்டிப் போகும். தைராய்டு மிகையாகச் சுரக்கும்போது 0.01-க்கும் கீழே விழும். ஒரே சோதனை, ஆனால் சந்திக்க வேண்டிய எண்களின் இரு முனைகளுக்கும் இடையே பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். சோடியத்துக்கோ கால்சியத்துக்கோ இப்படி ஒரு வீச்சு கிடையாது. அதனால்தான் இரு எல்லைகளையும் பற்றிப் பேச டி.எஸ்.எச்.ஐத் தேர்ந்தெடுத்தேன்.

கீழ் எல்லை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இந்தச் சோதனையின் வரலாறே சாட்சி. ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் உருவாக்கிய ரேடியோ இம்யூனோ அஸ்ஸே முறையில்தான் முதல் தலைமுறை டி.எஸ்.எச். சோதனைகளைச் செய்தார்கள். அந்த முறைக்காக யாலோவுக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே பெர்சன் இறந்துவிட்டார். ஆனால் அந்த முதல் தலைமுறைச் சோதனைகளால் ஏறக்குறைய 1-க்குக் கீழே நம்பி ஒரு எண்ணைச் சொல்ல முடியவில்லை. தைராய்டு குறைவு தெரிந்துவிடும். மிகையோ தெரியாது. ஏனென்றால் நலமாக இருக்கும் ஒருவரின் 0.8-உம், தைராய்டு மிகையால் எடை குறைந்து நெஞ்சு படபடக்க வருபவரின் 0.01-உம் அந்தச் சோதனைக்கு ஒன்றுதான். இருவரையும் பிரித்தறிய டி.ஆர்.எச். என்ற ஹார்மோனை ஊசியாகப் போட்டு, பிறகு மறுபடி இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாம் தலைமுறை 0.1 வரை இறங்கியது, மூன்றாம் தலைமுறை 0.01 வரை. அதன் பிறகு அந்த ஊசிச் சோதனைக்கு இந்த வேலையில் அநேகமாகத் தேவையே இல்லாமல் போயிற்று. நோய் மாறவில்லை, மருந்து மாறவில்லை. அளக்கும் எல்லை மட்டும் இறங்கியது.

இனி ஒரு லேபுக்குள் போவோம். நடுத்தர அளவிலான மருத்துவமனை. புதிய ஹார்மோன் அனலைசர் வந்திறங்கியிருக்கிறது. கிட்டோடு வந்த தாளில் 'அளவீட்டு வீச்சு 0.008 முதல் 100 வரை' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இங்கே நான் தரும் அளவீடுகள் எல்லாம் விளக்குவதற்காக நான் அமைத்தவை. ஆனால் லேபில் இந்தப் பரிசோதனையைச் செய்தவர்களுக்கு இவை பழகிய உருவங்களாகவே தெரியும்.

நிறுவனம்தான் ஏற்கெனவே சோதித்துச் சொல்லிவிட்டதே, மறுபடி எதற்கு? அவர்கள் சோதித்தது அவர்களுடைய மெஷினில், அவர்களுடைய தண்ணீரில், அவர்களுடைய அறை வெப்பத்தில், வேறொரு லாட் ரீஏஜென்ட்டில். லாரியில் வந்து, படியேறி, நம் ஊர்க் கரண்டில் ஓடும் இந்த மெஷினும் அப்படித்தான் நடந்துகொள்கிறதா என்பதை யாராவது பார்த்தாக வேண்டும். அமெரிக்காவில் க்ளியா சட்ட விதிகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. இந்தியாவில் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெறும் லேப்கள் ஐ.எஸ்.ஓ. 15189 தரப்படி இதைச் செய்து ஆவணம் வைத்திருக்க வேண்டும். நிறுவனத்தின் கிட்டை அவர்கள் சொன்னபடியே பயன்படுத்தும் லேப், அவர்கள் சொன்னது இங்கே செல்லுபடியாகிறதா என்று சரிபார்த்தால் போதும். தானே உருவாக்கிய முறையாக இருந்தாலோ, கிட்டை மாற்றிப் பயன்படுத்தினாலோ எல்லைகளை அடியிலிருந்து தானே நிறுவ வேண்டும். அது பல மடங்கு வேலை.

முதல் கேள்வி நேர்கோடு. லேபில் எல்லாரும் 'லீனியாரிட்டி' என்றே சொல்வார்கள். இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். இந்த மெஷினில் டி.எஸ்.எச். மூலக்கூறை இரண்டு ஆன்டிபாடிகள் இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும். ஒன்றில் ஒளி தரும் வேதிப்பொருள் ஒட்டியிருக்கும். வெளிவரும் ஒளியை மெஷின் எண்ணி, தனக்குள் வைத்திருக்கும் காலிப்ரேஷன் வளைகோட்டைப் பார்த்து அளவாக மாற்றிச் சொல்லும். ஒளிக்கும் அளவுக்கும் உள்ள உறவு வளைவாகவே இருக்கும், அதில் தவறில்லை. அந்த வளைவை நிமிர்த்துவதற்குத்தான் கணக்கு. நாம் கேட்பது வேறு. கணக்கெல்லாம் முடிந்து திரையில் வரும் எண், சீரத்தில் இருக்கும் டி.எஸ்.எச்.க்கு நேர்விகிதத்தில் இருக்கிறதா? பாதி இருந்தால் பாதி காட்டுகிறதா?

இதைச் சோதிக்கும் வழி அழகானது, ஏனென்றால் உண்மையான அளவு எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. டி.எஸ்.எச். மிக அதிகமாக இருக்கும் நோயாளிகளின் மீந்த சீரத்தைச் சேர்த்து ஒரு 'ஹை பூல்' செய்கிறார்கள். மிகக் குறைவாக இருப்பதில் ஒரு 'லோ பூல்'. இரண்டையும் கலந்து ஐந்து குப்பிகள் தயாராகின்றன. முதல் குப்பியில் லோ பூல் மட்டும். இரண்டாவதில் மூன்று பங்கு லோ, ஒரு பங்கு ஹை. மூன்றாவதில் சரிபாதி. நான்காவதில் ஒரு பங்கு லோ, மூன்று பங்கு ஹை. ஐந்தாவதில் ஹை மட்டும். ஹை பூலில் எவ்வளவு இருந்தாலும் சரி, ஒவ்வொரு குப்பிக்கும் அடுத்ததற்கும் இடையே கூடியிருக்கும் டி.எஸ்.எச். ஒரே அளவுதான். ஆகவே மெஷின் காட்டும் எண்களும் சம இடைவெளியில் ஏற வேண்டும்.

கலப்பதற்கு உப்புநீரை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். சீரத்தில் புரதம் நிறைய, உப்புநீரில் புரதம் இல்லை. ஆன்டிபாடி பிடிக்கும் விதம் அதில் மாறிவிடலாம். அப்போது வளைவது மெஷினா, நாம் ஊற்றிய திரவமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் சீரத்தோடு சீரம்.

ஒவ்வொரு குப்பியையும் இரண்டு மூன்று முறை ஓட்டிச் சராசரி எடுத்தார்கள். வந்த எண்கள்: 0.2, 26.3, 52.4, 77.0, 96.0.

இந்த இடத்தில் பெரும்பாலான லேப்களில் நடப்பது என்ன? எண்களைக் கம்ப்யூட்டரில் போட்டு வரைபடம் வரைவார்கள். ஐந்து புள்ளிகளுக்கு இடையே ஒரு கோடு போகும். ஓரத்தில் ஒட்டுறவுக் கெழு, அதாவது r, 0.998 என்று வரும். ஒன்றுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, பாஸ் என்று எழுதிக் கோப்பில் வைத்துவிடுவார்கள். இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். r என்பது, ஒன்று ஏறும்போது மற்றதும் சேர்ந்து ஏறுகிறதா என்பதைத்தான் முக்கியமாகச் சொல்கிறது. 0.2-இல் தொடங்கி 96-இல் முடியும் அகன்ற வீச்சில் எந்த மெஷினும், கொஞ்சம் வளைந்திருந்தாலும், 0.99-க்கு மேல் வாங்கிவிடும். வளைவைப் பிடிக்க அந்த எண் ஏற்பட்டதல்ல.

அதற்குப் பதிலாகக் கழித்துப் பாருங்கள். 0.2-க்கும் 26.3-க்கும் இடையே 26.1. அடுத்ததற்கு 26.1. அதற்கடுத்து 24.6. கடைசியில் 19.0. சமமாக இருக்க வேண்டிய நான்கு இடைவெளிகளில் முதல் இரண்டும் அச்சாக ஒன்று. மூன்றாவது சற்றே குட்டை. நான்காவது கால் பங்குக்கு மேல் சுருங்கிவிட்டது. முதல் இரண்டு இடைவெளிகளை அப்படியே நீட்டினால் நான்காம் குப்பி 78.5 காட்டியிருக்க வேண்டும், காட்டியது 77.0. ஏறக்குறைய 2 சதவீதம் குறைவு. ஐந்தாவது 104.6 காட்டியிருக்க வேண்டும், காட்டியது 96.0. ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. r 0.998 என்று சொன்ன அதே எண்கள்தான் இவை.

இதிலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. சில லேப்களில் இரண்டு முனைக் குப்பிகளின் அளவீட்டைச் சரி என்று வைத்துக்கொண்டு நடுவில் இருப்பவற்றுக்கு எதிர்பார்ப்பு போடுவார்கள். அப்படிச் செய்தால் சரிபாதிக் கலவைக்கு எதிர்பார்ப்பு 48.1 என்று வரும். அளவீடு 52.4. உடனே 'நடுவில் மெஷின் 9 சதவீதம் கூட்டிக் காட்டுகிறது' என்று எழுதிவிடுவார்கள். கோளாறு இருப்பது உச்சியில், பழி விழுவதோ நடுவில். உச்சிக் குப்பி குறைவாகப் படித்ததால் அதை வைத்துப் போட்ட எதிர்பார்ப்பும் தாழ்ந்துபோனது. சி.எல்.எஸ்.ஐ. என்ற அமெரிக்கத் தர நிறுவனம் லீனியாரிட்டிக்காக வெளியிடும் இ.பி.06 வழிகாட்டி, எல்லாப் புள்ளிகளையும் சேர்த்து ஒரு நேர்கோடு பொருத்தி, ஒவ்வொரு புள்ளியும் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கச் சொல்கிறது. எவ்வளவு விலகலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை லேப் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். முடிவு வந்த பிறகு அளவுகோலை முடிவுக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளக் கூடாது. நம் லேப் 5 சதவீதம் என்று எழுதி வைத்திருந்தது.

உடனே மெஷின் மேல் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. பிப்பெட் பிசகினாலும் புள்ளி விலகும். ஆனால் இரண்டும் வேறுவேறு முகம் காட்டும். பிப்பெட் தவறு என்றால் ஒரு குப்பி மட்டும் தனித்து விலகும், அதற்கு மேலும் கீழும் இருப்பவை ஒழுங்காக நிற்கும். மெஷினின் வளைவு என்றால் விலகல் படிப்படியாக, ஒரே திசையில் வளரும், நாம் பார்த்தது போல. நம் லேபில் வேறொரு ஹை பூல் செய்து, வேறொருவர் கலந்து, மறுநாள் மறுபடி ஓட்டினார்கள். அதே இடத்தில் அதே வளைவு. இப்போது சொல்லலாம், கோடு 77 வரைதான் நேராக இருக்கிறது.

உச்சியில் ஏன் வளைகிறது? ஆன்டிபாடி அளவோடுதான் இருக்கிறது. டி.எஸ்.எச். மிகுந்துபோனால் பிடிப்பதற்கு ஆன்டிபாடி போதாமல் போகும். ஒளி ஏறும் வேகம் குறையும். அந்த இடத்தில் காலிப்ரேஷன் வளைகோடும் தட்டையாகிக் கிடக்கும் என்பதால், ஒளியில் வரும் சிறு பிசகு அளவில் பெரிய பிசகாக வெளிப்படும். ரீஏஜென்ட் வழியில் சூடுபட்டிருந்தாலும், மேல் முனை காலிப்ரேட்டர் கெட்டிருந்தாலும் இதே தோற்றம் வரும். அதனால் நிறுவனத்தின் என்ஜினியரை அழைத்துக் காலிப்ரேஷனை மறுபடி செய்து பார்ப்பது முறை. செய்தும் மாறாவிட்டால் தாளில் 100 என்று போட்டிருப்பதைத் தாளோடு விட்டுவிட வேண்டும்.

இதுவரை ஓட்டிய ஐந்து குப்பிகளை இன்னொரு முறை பாருங்கள். 0.2-க்கு அடுத்த புள்ளி 26.3. டாக்டர் மாத்திரையைத் தொடங்குவதும் கூட்டுவதும் குறைப்பதும் அநேகமாக 0.4-க்கும் 10-க்கும் இடையில்தான். அந்த இடத்தில் ஒரு குப்பிகூட இல்லை! சம இடைவெளிக் கலவைகள் வரைபடத்தில் அழகாக இருக்கும், ஆனால் இப்படி அகன்ற வீச்சுள்ள சோதனையில் நோயாளிகள் கூட்டமாக இருக்கும் பகுதியைத் தாண்டிக் குதித்துவிடும். நம் லேப் அதனால் இரண்டாவது தொகுப்பு ஒன்று செய்தது. 8 அளவுள்ள ஒரு பூலை எடுத்து, 4, 2, 1, 0.5 என்று வரும்படி லோ பூலோடு கலந்தார்கள். ஒன்றிலிருந்து எடுத்து அடுத்ததை, அதிலிருந்து அதற்கடுத்ததை என்று தொடராக நீர்க்கவில்லை. அப்படிச் செய்தால் முதல் பிப்பெட் பிசகு கடைசிக் குப்பி வரை கூடவே வரும். ஒவ்வொன்றையும் மூலப் பூலிலிருந்து நேராகவே கலந்தார்கள். இந்தப் பகுதியில் கோடு நேராக இருந்தது, சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

நேர்கோடு கிடைத்துவிட்டது என்பதால் எண் சரியானது என்று ஆகிவிடாது. உள்ளதையெல்லாம் 20 சதவீதம் குறைத்தே காட்டும் மெஷின்கூடக் கச்சிதமான நேர்கோடு தரும். பாதி இருந்தால் பாதிதான் காட்டும், இரண்டு பாதிகளுமே தவறாக இருக்கும். அதனால் அளவு தெரிந்த மாதிரிகளையும், பழைய மெஷினில் ஓட்டிய நோயாளி மாதிரிகளையும் வைத்துத் தனியாக ஒப்பிட வேண்டும். அது வேறொரு பரிசோதனை. இங்கே அதற்குள் போகவில்லை.

அமெரிக்க நோயியல் வல்லுநர் கல்லூரி பயன்படுத்தும் ஒரு சொற்றொடரைத் தமிழில் 'நேரடி அளவீட்டு வீச்சு' என்று சொல்லலாம், லேபில் ஏ.எம்.ஆர். நீர்க்காமல், செறிவூட்டாமல், வழக்கமான சோதனையில் இல்லாத எதையும் செய்யாமல், குழாயிலிருந்து வந்த சீரத்தை அப்படியே வைத்தால் மெஷின் நம்பும்படி அளக்கும் வீச்சு. நம் லேபில் இதன் மேல் எல்லை 75 என்று முடிவானது. 77 வரை கையில் சான்று இருந்தது. அதற்கு மேல் இல்லை.

அதற்கு மேல் போகும் நோயாளிகளுக்கு என்ன வழி? கழுத்தில் வீக்கமும் உடல் சோர்வுமாக ஒருவர் வருகிறார், டி.எஸ்.எச். >75. மாத்திரை தொடங்கி ஒன்றரை மாதம் கழித்துப் பார்த்தால் மறுபடி >75. மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்பது இந்த இரண்டு ரிப்போர்ட்டிலிருந்தும் தெரியாது. சீரத்தைப் பத்து மடங்கு நீர்த்து ஓட்டினால் முதல் முறை 18.0, இரண்டாம் முறை 9.2 என்று வருகிறது. பத்தால் பெருக்க 180, 92. மருந்து நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இப்படி நீர்த்துப் பெருக்குவது சரிவருகிறது என்பதையும் லேப் தனியே காட்டியிருக்க வேண்டும். 60 என்று நேராகப் படித்த ஒரு மாதிரியை ஐந்து மடங்கு நீர்த்தால் 12-க்கு அருகே வர வேண்டும். 12-க்குப் பதில் 14 வந்தால், நீர்க்கும் திரவத்திலோ கையிலோ ஏதோ சரியில்லை.

இனிக் கீழ் முனை. இங்கே கேள்வியின் தன்மையே மாறிவிடுகிறது. மேலே 'நேராக இருக்கிறதா' என்று கேட்டோம், இங்கே 'ஏதாவது இருக்கிறதா' என்று கேட்கிறோம். டி.எஸ்.எச். துளியும் இல்லாத சீரத்தை வைத்தாலும் மெஷின் பூஜ்யம் காட்டாது. தகரக் கூரையில் மழை பெய்யும்போது மெல்லப் பேசுபவரின் குரலைக் கேட்பது போன்றது இது. கூரையின் ஓசையிலேயே சில நேரம் பேச்சு போல ஒன்று கேட்கும். எந்த உரத்துக்கு மேல் கேட்டால் அது பேச்சுதான் என்று துணியலாம்?

முதலில் ஓசையை அளக்க வேண்டும். டி.எஸ்.எச். இல்லாத மாதிரியைப் பல நாள், பல முறை ஓட்டுகிறார்கள். எல்லையை அடியிலிருந்து நிறுவ 60 அளவீடு என்பது சி.எல்.எஸ்.ஐ.யின் இ.பி.17 வழிகாட்டியில் பழகிய எண். சராசரி 0.002 வந்தது, எண்கள் சிதறும் அளவான திட்ட விலக்கம் 0.0015. சராசரியோடு திட்ட விலக்கத்தின் 1.645 மடங்கைக் கூட்டினால் 0.0045. வெற்று மாதிரிகளில் நூற்றுக்கு ஐந்துதான் இதற்கு மேலே போகும். இதை எல்.ஓ.பி. என்பார்கள், வெற்று எல்லை. இதைத் தாண்டாத எண்ணைப் பார்த்து ‘டி.எஸ்.எச். இருக்கிறது’ என்று சொல்ல முடியாது.

பலர் இங்கேயே நின்று இதுதான் கண்டறியும் எல்லை என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையிலேயே 0.0045 டி.எஸ்.எச். உள்ள ஒருவரின் சீரத்தை யோசித்துப் பாருங்கள். அதுவும் சிதறும். பாதி முறை எல்லைக்கு மேலே, பாதி முறை கீழே விழும். இரண்டில் ஒரு முறை அவரிடம் இருப்பதை இல்லை என்று சொல்லிவிடுவோம். ஆகவே இன்னும் சற்று மேலே ஏற வேண்டும். கொஞ்சமே டி.எஸ்.எச். உள்ள மாதிரிகளையும் பல முறை ஓட்டி அவற்றின் திட்ட விலக்கத்தைப் பார்த்தால் 0.002. அதன் 1.645 மடங்கை எல்.ஓ.பி.யோடு கூட்டினால் 0.0078, ஏறக்குறைய 0.008. இந்த அளவு உள்ள மாதிரி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை ஓசையைத் தாண்டிக் கேட்கும். இதுதான் கண்டறியும் எல்லை, எல்.ஓ.டி. இல்லாததை இருக்கிறது என்று சொல்லும் பிழை ஐந்து சதவீதம், இருப்பதை இல்லை என்று சொல்லும் பிழையும் ஐந்து சதவீதம்.

நிறுவனம் சொன்ன எல்லையைச் சரிபார்க்க மட்டும் என்றால் 60 தேவையில்லை. நிறுவனம் சொன்ன எல்.ஓ.டி. அளவுள்ள மாதிரியைச் சில நாட்களில் பரப்பி 20 முறை ஓட்டி, குறைந்தது 17 முறை எல்.ஓ.பி.யைத் தாண்டினால் நிறுவனம் சொன்னதை ஏற்கலாம்.

இந்தப் பகுதியில் இரண்டு இடங்களில் நல்ல லேப்களும் சறுக்குகின்றன. பல மெஷின்கள் மிகக் குறைந்த எண்களைத் திரையில் காட்டாமல் 0.000 என்றோ <0.005 என்றோ வெட்டிவிடும். அறுபது முறை ஓட்டி அறுபதும் 0.000 என்று வந்தால் திட்ட விலக்கமும் பூஜ்யம், எல்லையும் பூஜ்யம்! கணக்கு ஒழுங்காகத்தான் இருக்கும், பொருள்தான் இருக்காது. மெஷினுக்குள் போய் வெட்டுவதற்கு முந்தைய எண்ணையோ, ஒளி எண்ணிக்கையையோ எடுத்துத்தான் கணக்குப் போட வேண்டும். இன்னொன்று, ஓட்டும் வரிசை. 96 அளவுள்ள ஹை பூலுக்கு அடுத்தபடி வெற்று மாதிரியை வைத்தால், ஊசிமுனையில் ஒட்டிவந்த துளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கலந்தாலும் 0.0096 ஏறிவிடும். நாம் தேடும் எல்லையைவிட அது அதிகம். வெற்று மாதிரிகளின் எண்கள் முதலில் உயர்ந்து ஒவ்வொன்றாக இறங்கிவந்தால் சந்தேகம் இதன் மேல்தான் போக வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் முனையை மாற்றும் மெஷின்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

எல்.ஓ.டி. 0.008 என்று வந்துவிட்டது. அப்படியானால் ரிப்போர்ட்டில் ஏன் <0.015?

இருக்கிறது என்று தெரிவது ஒன்று, எவ்வளவு இருக்கிறது என்று தெரிவது இன்னொன்று. தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கு, டி.எஸ்.எச்.ஐ 0.1-க்குக் கீழே வைத்திருக்கும்படி மாத்திரை கொடுப்பார்கள். அளவுக்கு மேல் அழுத்திவிட்டால் இதயமும் எலும்பும் பாதிக்கப்படும். அவர்களுக்கு 0.01-உம் 0.05-உம் ஒன்றல்ல. அந்த எண் இன்று 0.012, நாளை அதே சீரத்தில் 0.018 என்று ஆடினால் அதை வைத்து மருந்தளவை எப்படித் தீர்மானிப்பது? எனவே கீழ் அளவுகளில் சில பூல்களைச் செய்து வாரக்கணக்கில், வெவ்வேறு நாட்களில், முடிந்தால் வெவ்வேறு லாட்களில் ஓட்டுகிறார்கள். சிதறல் சராசரியில் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்கள். லேபில் இதைச் சி.வி. என்பார்கள். நம் மெஷினில் 0.008-இல் 34 சதவீதம். 0.012-இல் 24. 0.020-இல் 15. டி.எஸ்.எச். உலகில் நெடுநாளாக ஏற்றுக்கொண்ட வரம்பு 20 சதவீதம். அது இந்தப் புள்ளிகளுக்கு இடையே 0.015-ஐ ஒட்டி விழுகிறது. அளவுரைக்கும் எல்லை, எல்.ஓ.க்யூ., இதுதான். டி.எஸ்.எச்.இன் தலைமுறைகளைப் பிரித்ததும் கண்டறியும் எல்லையை வைத்து அல்ல, இந்த 20 சதவீதக் கணக்கை வைத்துத்தான். ஏனென்றால் ஒரே நாளில் அடுத்தடுத்து ஓட்டினால் எந்த மெஷினும் ஒழுங்காக நடந்துகொள்ளும். ஆறு வாரம் கழித்து மறுபடி வரும் நோயாளிக்கு நாளுக்கு நாள் நேரும் சிதறல்தான் முக்கியம்.

நம் லேப் கடைசியில் கம்ப்யூட்டரில் இந்த விதிகளை ஏற்றியது. 0.015-க்குக் கீழே என்ன எண் வந்தாலும் <0.015. 75-க்கு மேல் வந்தால் மெஷின் தானே பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டும். நீர்த்தும் 75-ஐத் தாண்டினால் >750 என்று அச்சாகும். சில லேப்கள் நீர்க்காமல் >75 என்றே நிறுத்திக்கொள்கின்றன. அப்படி வந்தால், நீர்த்து ஓட்டிச் சொல்லும்படி டாக்டரோ நோயாளியோ கேட்கலாம். பெரும்பாலும் அதே சீரத்திலேயே செய்துவிடுவார்கள், மறுபடி ஊசி குத்த வேண்டியிருக்காது.

இந்த எண்கள் ஒருமுறை கண்டுபிடித்துச் சட்டம் போட்டு மாட்டிவைப்பவை அல்ல. அமெரிக்க நோயியல் வல்லுநர் கல்லூரியின் அங்கீகாரம் பெற்ற லேப்கள் ஏ.எம்.ஆர்.ஐ ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சரிபார்க்க வேண்டும். மெஷினின் முக்கியப் பாகத்தை மாற்றினாலும் பார்க்க வேண்டும், ரீஏஜென்ட் லாட் மாறி அதனால் வீச்சு மாறியிருக்கலாம் என்று தோன்றினாலும் பார்க்க வேண்டும். அதற்கு முழுப் பரிசோதனையும் தேவையில்லை. அளவு தெரிந்த மாதிரிகளை எல்லைக்கு அருகே கீழே ஒன்று, நடுவில் ஒன்று, மேல் எல்லைக்கு அருகே ஒன்று வைத்து ஓட்டினால் போதும். நம் லேபில் அடுத்த லாட் ரீஏஜென்ட் வந்தபோது, மேல் எல்லைக்காக 72 அளவுள்ள மாதிரியை வைத்தார்கள். 71.3 படித்தது. 75 அப்படியே நின்றது.